இராதாகிருஷ்ணனின் இகரம்

சந்திரகலாவுக்கு யாரிடமும் முகத்துக்கு நேராக ஒரு குறை சொல்ல வராது. கடையில் சட்டினி புளித்திருந்தால் இலையின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, காசு கொடுக்கும்போது நல்லா இருந்திச்சு என்று வேறு சொல்லிவிட்டு வருவாள். நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தாட்சண்யம் தன நாசம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. அவள் விஷயத்தில் நாசமானது அவளுடைய தனமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இன்னொரு வீட்டுக் கல்யாணமாகப் போய்விட்டது.

அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. பிரிக்பீல்ட்ஸில் அம்மாவோடு குடியிருந்தாள். பெட்டாலிங் ஜெயாவில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலை. முதலாளி சாத்தப்பன், செட்டியார் வீட்டுப் பிள்ளை. சிக்கனத்தில் கெட்டி. ஏர்கோனை மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் போட விடுவார்.

1999இல் அந்தக் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு, வீடுகளும் கோல்ப் மைதானங்களுமாக மாறிக்கொண்டிருந்த காலம். தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த சனங்கள் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆளுக்கொரு திசையில் சிதறிப் போயிருந்தார்கள். அவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்து வைக்கலாம் என்று பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு சங்கம் முடிவெடுத்தது. கோயில்களிலும் மண்டபங்களிலும் விவரம் எழுதித் தருகிற பாரம் வைத்தார்கள். என் பெயர் இது, அப்பா பெயர் இது, இன்ன தோட்டத்தில் இருந்தேன், இப்போது இங்கே இருக்கிறேன், என்னைத் தேடுகிறவர்கள் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். தமிழில் கையால் எழுதிய பாரங்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தன. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயரைத் தட்டினால் ஆள் கிடைக்கிற மாதிரி செய்து கொடுப்பது சந்திரகலாவின் வேலை.

ஒன்பதாயிரம் பாரத்தைத் தட்டச்சு செய்வது யார்? கிள்ளானில் நாச்சியப்பன் நான்கு பெண்களை வைத்துத் தமிழ் டைப்பிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கத்து ஆண்டறிக்கை எல்லாம் அவரிடம்தான் போகும். சாத்தப்பனுக்குத் தூரத்துச் சொந்தம். வேலையை அவருக்கே கொடுத்தார்கள். சந்திரகலாவுக்கும் அவர் வேண்டியவர். அவள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய காலத்தில், சாத்தப்பனிடம் இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள் என்று சொன்னவர் நாச்சியப்பன்தான்.

ஜூன் மாதம் முதல் ஐந்நூறு பெயர்கள் டிஸ்கெட்டில் வந்தன. சந்திரகலா அவற்றை ஏற்றிப் பார்த்தாள். திரையில் ஒரு பெயர் 'ந்திரா' என்று நின்றது. கொஞ்சம் கீழே 'ளங்கோ' என்று ஒருவர். இந்திராவும் இளங்கோவும் தலையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

எங்கே போனது அந்த இ?

அவளுக்கு விடை கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். ஒரு பைட்டுக்குள் சுழியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை இடம் உண்டு. அதில் முன்பாதி ஆங்கிலத்துக்கு என்று உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது. பின்பாதியில்தான் தமிழ் எழுத்துருக்காரர்கள் தங்கள் எழுத்துகளை உட்கார வைத்தார்கள், அதுவும் ஆளுக்கொரு வரிசையில். நாச்சியப்பனின் எழுத்துருவில் இகரம் உட்கார்ந்திருந்த நாற்காலி 173. பெயர்களைப் பட்டியலில் ஏற்றுவதற்குக் கம்பெனி வாங்கி வைத்திருந்த மென்பொருளோ வெள்ளைக்காரன் செய்தது. இது எந்த மொழிக் கோப்பு, எந்த முறையில் எழுதியது என்று யாரும் சொல்லாவிட்டால் அது ஐரோப்பியக் கோப்பு என்று அதுவே எடுத்துக்கொள்ளும். ஐரோப்பியக் கணக்கில் 173 என்பது எழுத்தே கிடையாது. வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் மட்டும் தலைகாட்டுகிற சின்னக் கோடு அது. பெயர்ப் பட்டியலில் இதற்கு என்ன வேலை என்று அந்த மென்பொருள் அதைக் கூட்டித் தள்ளிவிட்டது. இப்படித்தான் ஐந்நூறு பேரில் இருந்த எல்லா இகரமும் குப்பைக்குப் போனது.

மருந்தும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. யூடிஎஃப்-8 என்று ஒரு முறை. அதில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே எண். எந்த எழுத்துரு போட்டாலும் அந்த எண் மாறாது. ஒரு தமிழ் எழுத்துக் குறி மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலம், மலாய், டெலிபோன் நம்பர் எல்லாம் பழையபடி ஒரே பைட். ஏற்றுகிற மென்பொருளிடமும் இது யூடிஎஃப்-8 கோப்பு என்று சொல்லிவிட்டால் இகரத்தை இகரமாகவே எடுத்துக்கொள்ளும். நாச்சியப்பன் அப்படி மாற்றி அனுப்பினால் போதும்.

அன்றே அவருக்கு ஓர் ஈமெயில் எழுதினாள். எட்டே வரி, ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் அவருடைய கம்ப்யூட்டரில் என்ன கோலத்தில் போய் நிற்குமோ, யார் கண்டது?

எழுதினாளே தவிர அனுப்பவில்லை.

வெளியே போகிற ஈமெயில் எதுவாக இருந்தாலும் முதலாளிக்கு ஒரு நகல் போக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். சாத்தப்பனோ அந்த மாதம் முழுக்க, ஷா ஆலமில் ஒருவன் இதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறான் என்று முனகிக்கொண்டிருந்தார். சொந்தமாச்சே என்று ஒரு நூலில்தான் வேலை நாச்சியப்பனிடம் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கோப்பு சரியில்லை என்று ஒரு கடிதம் போனால் அந்த நூல் அறுந்துவிடும் என்று அவள் நினைத்தாள். வேலை வாங்கிக் கொடுத்த மனுசனின் வேலைக்கு நானே உலை வைப்பதா என்று நினைத்தாள். கடிதத்தைச் சேமித்து வைத்துவிட்டு, ந்திராவின் தலையில் தானே ஓர் இகரத்தைத் தட்டிப் போட்டாள். ளங்கோவுக்கும் போட்டாள். ஏற்றிய பிறகு திரையில் தட்டிப் போட்ட எழுத்தை மென்பொருள் தொடாது.

மற்ற டிஸ்கெட்டுகள் வரவர இதையே செய்தாள். ந் என்றும் ள என்றும் ன் என்றும் தொடங்குகிற பெயர்களைப் பட்டியல் போட்டு எடுத்து, கையாலேயே திருத்தினாள். தமிழ்ப் பெயர் அப்படித் தொடங்காது, அதனால் கண்ணில் குத்தும். தொண்ணூற்றாறு பெயர். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கண்ணில் குத்தாத பெயர்களும் இருந்தன. அதை அவள் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை சங்கத்தின் கீழ்த்தளத்தில் பட்டியலைத் திறந்து வைத்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர், வாசல் தாண்டிப் போகிற வரிசை. ஒன்றில் சந்திரகலா உட்கார்ந்தாள். யார் யாரைத் தேடினார்கள், கிடைத்தாரா இல்லையா, தேடி வந்தவரின் டெலிபோன் நம்பர் என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். காலையிலேயே இரண்டு பேர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு போனார்கள்.

பதினோரு மணி வாக்கில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். நல்லம்மாள் என்று பெயர். நாற்பத்தெட்டு வயதிருக்கும். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஒரு துணிப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மகளுக்குக் கல்யாணம் தங்கச்சி. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. எங்க அண்ணனைத் தேடிக்கிட்டு வந்தேன். எழுபத்தி நாலுல அப்பாகூட சண்ட போட்டுக்கிட்டு சிங்கப்பூர் போனவரு. அப்புறம் தோட்டத்த வித்துட்டாங்க, நாங்களும் வெளியாயிட்டோம். அவரு திரும்பி வந்திருந்தாலும் எங்களை எங்கேன்னு தேடுவாரு?"

"பேரு சொல்லுங்கக்கா."

"இராதாகிருஷ்ணன். இ போட்டு எழுதணும்லா. இல்லன்னா அவருக்குப் புடிக்காது. தமிழ்ல ர முன்னால வராதுன்னு வாத்தியாரு சொல்லிக் குடுத்ததைப் புடிச்சிக்கிட்டவரு. எங்க லயத்துல யாரு ராமசாமின்னு எழுதினாலும் கரித்துண்டால முன்னால ஒரு இ போட்டுட்டு வந்துடுவாரு."

சந்திரகலா சிரித்துக்கொண்டே இ போட்டுத் தட்டினாள். திரை, பதிவு எதுவும் இல்லை என்றது.

"இன்னொரு தரம் பாருங்க தங்கச்சி. பொண்ணுக்கு மாமன் இவரு ஒருத்தருதான். மாமன் மாலை போடணும். வேற ஆளு இல்ல."

சந்திரகலா இன்னொரு முறை தட்டினாள். அதே எழுத்துகள், அதே வரிசை. திரையும் அதே பதிலைச் சொன்னது. அந்த இகரத்தை எடுத்துவிட்டுத் தட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு நியாயமும் இருந்தது, நேரமும் இருந்தது. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அவள் மனதில் இருந்தது.

"இல்லக்கா. பாரம் குடுக்கல போல இருக்கு. வந்தா கண்டிப்பா போன் பண்றேன்."

நல்லம்மாள் பத்திரிகையை மறுபடியும் பைக்குள் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து, நீங்களாவது வாங்க தங்கச்சி என்று சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சந்திரகலா போகவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிவிட்டுப் போன நாள் அது.

ஐந்து வாரம் கழித்து, மறுபடியும் ஒரு சனிக்கிழமை. வரிசையெல்லாம் குறைந்துவிட்டது. கையில் காய்ந்த பெயிண்டும் காதோரம் நரையுமாக ஒரு மனிதர் வந்தார். செமினியில் விளம்பரப் பலகை எழுதுகிறவராம். காஜாங் கோயிலில் ஏப்ரலில் பாரம் எழுதிக் கொடுத்தாராம். இதுவரை யாருமே போன் பண்ணவில்லை, என் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார்.

"பேரு அங்கிள்?"

"இராதாகிருஷ்ணன்."

சந்திரகலாவுக்கு உடனே நல்லம்மாள் நினைவுக்கு வந்தாள். இ போட்டுத் தட்டினாள். இல்லை. பாரம் கொடுத்தேன் என்கிறாரே மனுசன்? அப்பா பெயர் பெரியகருப்பன் என்றார். அந்த அப்பாவின் பெயரைக் கொண்டு பட்டியலைத் தோண்டினாள். நான்கு பெரியகருப்பன்கள் வந்தார்கள். மூன்றாவது வரியில், செமினி விலாசத்தோடு, 'ராதாகிருஷ்ணன்' என்று இருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"நான் இ போட்டுல்ல எழுதிக் குடுத்தேன். என் பேர்ல இருந்த இ எங்கம்மா?"

அந்த ஒரு வரியிலேயே சந்திரகலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்திராவிலிருந்து இ விழுந்தால் ந்திரா என்று நொண்டும், எவரும் கண்டுபிடித்துவிடலாம். இராதாகிருஷ்ணனிலிருந்து விழுந்தால் ராதாகிருஷ்ணன். இராமசாமியிலிருந்து விழுந்தால் ராமசாமி. இலட்சுமணன் லட்சுமணன் ஆகிவிடுவான். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே எழுதுகிறார்கள். பிழை என்று தெரிகிற பிழையையெல்லாம் அவள் திருத்திவிட்டாள். சரி போலத் தெரிகிற பிழையைத்தான் அப்படியே விட்டு வைத்திருந்தாள். ஜூன் மாதம் எழுதிய எட்டு வரியை அன்றே அனுப்பியிருந்தால் இந்த மனிதரின் பெயர் முழுசாக வந்து சேர்ந்திருக்கும்.

"அங்கிள், உங்களுக்கு நல்லம்மாள்னு தங்கச்சி இருக்காங்களா?"

அவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நோட்டுப் புத்தகத்தில் நம்பர் இருந்தது. சந்திரகலாவே டெலிபோனைச் சுழற்றினாள். நல்லம்மாள் எடுத்தாள். அக்கா, உங்க அண்ணன் இங்கதான் இருக்காரு என்று சொல்லி ரிசீவரை அவரிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த அழுகை மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. இந்தப் பக்கம் அவர், ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"கல்யாணம் எப்ப முடிஞ்சிச்சு? ... பதினஞ்சு நாளா? ... யாரு மாலை போட்டா?"

பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெயிண்ட் படிந்த கட்டை விரலால் மேசை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சந்திரகலாவைப் பார்த்தார்.

"மாமன் மாலையை மணையிலயே வச்சிட்டாங்களாம். யாரையும் நிக்க வைக்க வேணாம்னுட்டு, பொண்ணு தானே எடுத்துக் கழுத்துல போட்டுக்கிச்சாம்." "கிள்ளானுக்கும் செமினிக்கும் எவ்வளவு தூரம்மா? ஒரு மணி நேரம் இருக்குமா?"

நல்லம்மாள் உங்களோடு பேச வேண்டும் என்கிறாள் என்று அவர் ரிசீவரை நீட்டினார்.

"தங்கச்சி, மன்னிச்சிக்கிங்க," என்றாள் நல்லம்மாள், இன்னும் விசும்பிக்கொண்டே. "அன்னிக்கி நான்தான் பேரைத் தப்பா சொல்லிட்டேன் போல. மூணாங்கிளாஸ் படிச்சவ. இ அது இதுன்னு பெரிய படிப்பாளி மாதிரி பேசி, உங்களையும் கொழப்பிவிட்டுட்டேன்."

இந்த இடத்தில் சந்திரகலா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தே இருந்தது. பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். சங்கத்து ஆட்கள் நிற்கிறார்கள். வாய் தன் பாட்டுக்குப் பழைய வழியில் போய்விட்டது.

"பரவாயில்லக்கா," என்றாள்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். தப்புச் செய்ததைக்கூட மனது ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறது. தப்பு செய்யாதவள் கேட்ட மன்னிப்பைப் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்டது இருக்கிறதே, அதை எங்கே வைப்பது? பரவாயில்லக்கா, பரவாயில்லக்கா என்று தன் குரலே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பழைய கடிதத்தைத் திறந்தாள். ஜூனில் எழுதியது அப்படியே இருந்தது, பூசி மெழுகிய பாஷையில், சில எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை போல இருக்கிறது, முடிந்தால் யூடிஎஃப்-8இல் அனுப்புங்கள் என்று. அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'நாச்சியப்பன் அண்ணனுக்கு, இனி அனுப்பும் கோப்புகளையும், ஏற்கெனவே அனுப்பிய எல்லாவற்றையும், யூடிஎஃப்-8 முறையில் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம்: உங்கள் எழுத்துருவில் இ என்ற எழுத்துக்கு 173 என்ற எண். எங்கள் மென்பொருள் அந்த எண்ணை எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் நீக்கிவிடுகிறது. யூடிஎஃப்-8இல் இ என்பதற்கு உலகப் பொதுவான தனி எண் உண்டு, எழுத்துரு மாறினாலும் அது மாறாது. இ விழுந்ததால் இராதாகிருஷ்ணன் என்பவர் ராதாகிருஷ்ணனாகப் பதிவானார். அவரைத் தேடி வந்த தங்கையிடம் அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னேன். தங்கை மகளின் கல்யாணம் மாமன் இல்லாமல் நடந்தது. உங்கள் தட்டச்சில் பிழை இல்லை. இது எனக்கு ஜூன் மாதமே தெரியும். உங்களிடம் சொல்லாமல் இருந்தது என் பிழை. சந்திரகலா.'

நகல் சாத்தப்பனுக்குப் போனது. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, எது வந்தாலும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அரை மணி நேரத்தில் டெலிபோன் அடித்தது. நாச்சியப்பன்தான்.

"ஏன் கலா, இதுக்கா இவ்ளோ நாளு? எங்க டைப்பிங் சாப்ட்வேர் டிஸ்கெட்டுலயே மாத்துற புரோகிராம் இருக்கே. யாரும் கேக்கல, நானும் போடல. கோப்பை இதுல குடுத்தா நீ கேட்ட யூடிஎஃப்-8லயே திருப்பித் தருது. ஜூன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நாள் வேலை."

"உங்க வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன் அண்ணே."

"நான் உன்னைச் சாத்தப்பன்கிட்ட சேர்த்துவிட்டது, நீ எனக்குப் பாவம் பாக்கணும்னா?" என்றார். திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "அந்த அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"எனக்கு எழுதினது இருக்கட்டும். போய் அவங்ககிட்ட சொல்லு."

சாத்தப்பன் தன் அறையிலிருந்து தலையை நீட்டி, புதுக் கோப்புக்கு நாச்சியப்பன் தனியாக பில் போடாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அவள் மூன்று மாதம் பயந்த பயத்துக்கு அவ்வளவுதான் விலை.

புதன்கிழமை கோப்புகள் வந்தன. ஏற்றும்போது மென்பொருளிடம் இது யூடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுத்தாள். பட்டியலுக்குள் இகரம் இகரமாகவே இறங்கியது. சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் பழைய விண்டோஸ் ஆனதால், திரையில் காட்டும்போது மட்டும் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் காட்டும்படி ஒரு துண்டு புரோகிராம் எழுதினாள். பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது முந்நூற்று நாற்பத்தொரு பேருக்கு இகரம் திரும்பி வந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தவர்களை மறுபடியும் தேடினாள். ஏழு பேர் கிடைத்தார்கள். ஏழு வீட்டுக்கும் போன் பண்ணி, தப்பு என்னுடையது என்று சொல்லியே நம்பரைக் கொடுத்தாள். ஆறு வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஒரு வீட்டில், இப்ப சொல்லி என்னம்மா செய்யிறது, அப்பா போன மாசம் தவறிட்டாரே என்றார்கள்.

சனிக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள்.

நல்லம்மாளின் வீடு ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் கட்டிய மாவிலை காய்ந்து சுருண்டு, இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கியது. நல்லம்மாள் அவளைப் பார்த்ததும் உட்காருங்க உட்காருங்க என்று பரபரத்தாள். அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாராம். மகளையும் மருமகனையும் பார்த்தாராம். இருபத்தைந்து வருசக் கதையைப் பேசி முடிக்க ஒரு நாள் பத்தவில்லையாம். கடுங்காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

சந்திரகலா கோப்பையைத் தொடவில்லை.

"அக்கா, நீங்க அன்னிக்கி பேரைத் தப்பா சொல்லல. சரியாத்தான் சொன்னீங்க. அண்ணனும் சரியாத்தான் எழுதிக் குடுத்திருந்தாரு. எங்க கம்ப்யூட்டர்ல அந்த இ மட்டும் விழுந்து போச்சு. அது விழுதுன்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும். டைப் பண்றவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தா சரியாயிருக்கும். சங்கடப்பட்டுக்கிட்டு நான் போடல. போன்ல நீங்க மன்னிப்பு கேட்டப்பவும் நான் வாயைத் தொறக்கல."

சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். பெண் தானே மாலை எடுத்துப் போட்டுக்கொண்ட மணைக்கு, என்ன திட்டினாலும் தகும்.

"நான் சரியாத்தான் சொன்னேனா?" என்றாள் நல்லம்மாள்.

"சரியாத்தான் சொன்னீங்கக்கா."

"இ போட்டு?"

"இ போட்டு."

நல்லம்மாள் எழுந்து நின்றாள். உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அவள் கணவர் கார்த்திகேசு கைலியை இறுக்கிக்கொண்டே வெளியே வந்தார். வந்திருப்பது யார் என்று தெரியாமல் சந்திரகலாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நல்லம்மாள் சிரிக்கவில்லை. சந்திரகலாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாரமா இவரு என்னைச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருக்காரு தங்கச்சி. கூடப் பொறந்தவன் பேரக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத முண்டம், உன்னாலதான் என் மக மாமன் இல்லாம மணையில ஒக்காந்தான்னு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. நானும் ஆமான்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதை அப்படியே இவருகிட்ட ஒரு தரம் சொல்லுங்க."

சந்திரகலா எழுந்து நின்றாள். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.